ஆங்கிலத்தில் வந்த அரசாணையைத் தமிழில் எழுதித் தரச் சொல்கிறார்கள். நிபந்தனை, விலக்கு ஒன்றும் விடுபடாமல் எப்படி மொழிபெயர்ப்பது?

நீங்களும் எங்களைப் போல எல்லைப் பக்கம் இருப்பவர் என்று நினைக்கிறேன், அங்கேதான் இந்த வேலை சும்மா தெரிந்தவர் தலையில் வந்து விழும். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மனு எழுதிக்கொடுக்கிறவன் நான். சட்டம் படித்தவன் இல்லை, வக்கீல்கள் யாராவது வந்து திருத்தினால் கேட்டுக்கொள்வேன். ஆனால் ஆணையைத் தப்பாகப் படித்து அலைந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

வீடு பழுதுபார்க்க உதவித்தொகை தரும் ஆணை ஒன்று வந்தது. ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு மிகக்கூடாது, வேறு வீடு இருக்கக்கூடாது, வீட்டுக்கு எட்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அப்புறம் ‘ப்ரொவைடட் தட்’ என்று தொடங்கும் ஒரு விலக்கு: மழை வெள்ளத்தில் சேதமான வீட்டுக்காரர்களுக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும் வீட்டின் வயது பற்றிய நிபந்தனை பொருந்தாது. அதன் வாலில் ஒரு ‘அதர் தேன்’, தலைப்புக்குக் கீழே இரண்டாவதாகப் படிக்கப்பட்டது என்று குறித்த பழைய ஆணையின்படி முன்பே உதவி வாங்கியவர்கள் நீங்கலாக என்று.

யாரோ இதைத் தமிழில் நோட்டீஸ் அடித்தார்கள். அதில் “இந்த நிபந்தனைகள் பொருந்தாது” என்று பன்மையில் போட்டுவிட்டார்கள். விலக்கு வயதுக்கு மட்டும்தான், வருமானத்துக்கு இல்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா, கணவர் இல்லை, வருமானம் வரம்பைத் தாண்டும், நோட்டீஸை நம்பி வேலையை விட்டுவிட்டு வருமானச் சான்றுக்கும் மற்றதுக்கும் அலைந்து விண்ணப்பித்தார். தள்ளுபடி. இன்னொரு பக்கம், நோட்டீஸில் “ஒரு லட்சத்துக்குக் குறைவாக” என்று இருந்ததால் சரியாக ஒரு லட்சம் உள்ளவர் விண்ணப்பிக்கவே இல்லை. ‘மிகாமல்’ என்று போட்டிருந்தால் அவர் உள்ளே வந்திருப்பார்.

நான் செய்வது இதுதான். தமிழில் எழுத உட்காரும் முன் ஆங்கில வாக்கியத்தை உடைத்து ஒவ்வொரு நிபந்தனைக்கும் (அ), (ஆ), (இ) என்று பெயர் வைத்துவிடுவேன். பிறகு ஒவ்வொரு விலக்கையும் எடுத்து, இது எதைத் தளர்த்துகிறது, யாருக்குத் தளர்த்துகிறது என்று பக்கத்தில் எழுதுவேன். மேலே சொன்ன ஆணையில் விலக்கு (இ)க்கு மட்டும். தமிழிலும் “நிபந்தனை (இ) மட்டும் பொருந்தாது” என்றே எழுதுவேன். ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக இருக்கிறதே என்று தமிழிலும் ஒரே வாக்கியமாக இழுக்கத் தேவையில்லை, எந்த விலக்கு எந்த நிபந்தனையோடு சேர்ந்தது என்பது மாறக்கூடாது, அவ்வளவுதான்.

கஷ்டமான இடம் அந்த வால். முன்பே உதவி வாங்கியவர்கள் நீங்கலாக என்பது கணவரை இழந்த பெண்களுக்கு மட்டுமா, வெள்ளத்தில் சேதமான வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்தா? ஆங்கிலத்திலேயே தெளிவில்லை. தமிழில் அடை முன்னால் வரும் என்பதால் “முன்பு உதவி பெறாத, கணவரை இழந்த பெண்கள்” என்று எழுதினால் சந்தேகத்தை நாமே ஒரு பக்கமாகத் தீர்த்துவிடுகிறோம். அது நம் வேலையில்லை. இரண்டு வகையினரையும் சொல்லி முடித்து, அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் “(முன்பே உதவி பெற்றவர்கள் நீங்கலாக)” என்று வைத்தால் மூலத்தில் உள்ள சந்தேகம் அப்படியே நிற்கும். கீழே ஒரு குறிப்புப் போட்டு ஆணை பிறப்பித்த துறையிடம் விளக்கம் கேளுங்கள்.

தலைப்புக்குக் கீழே ‘படிக்கப்பட்டவை’ என்று வரும் பழைய ஆணைகளையும் கட்டாயம் வாங்கிப் படியுங்கள். நோட்டீஸில் “மேற்படி ஆணை” என்று மட்டும் இருந்ததால் எந்த உதவியைச் சொல்கிறார்கள் என்று ஒருவருக்கும் புரியவில்லை. எண்ணும் தேதியும் போட்டு எழுதுங்கள்.

முடித்ததும் கற்பனையாக நாலைந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். வருமானம் சரியாக ஒரு லட்சம் உள்ளவர், கணவரை இழந்து புது வீட்டில் இருப்பவர், வெள்ளத்தில் சேதமான புது வீட்டுக்கு முன்பே பணம் வாங்கியவர், இப்படி. ஆங்கிலம் பார்க்காத ஒருவரிடம் உங்கள் தமிழைக் கொடுத்து இவர்களில் யாருக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். நீங்கள் ஆங்கிலத்தை வைத்துத் தனியாக முடிவு செய்யுங்கள். இரண்டு விடையும் எங்கே மாறுகிறதோ அந்த வரிதான் கெட்ட வரி. வெள்ளத்தில் வீடு சேதமாகி முன்பே பணம் வாங்கியவர் விஷயத்தில் இரண்டு பேருமே தயங்கினால் சரி, மூலமே அப்படித்தான் இருக்கிறது.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன். கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் அந்த மொழியில் பெறலாம் என்று இருக்கிறது. அந்த அக்காவுக்காக நான் தமிழில்தான் மனு எழுதினேன். தள்ளுபடி செய்த காகிதம் மலையாளத்தில் வந்தது. பேசத் தெரிந்தாலும் அவருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. எந்த நிபந்தனையில் தள்ளினார்கள் என்பதையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.