டாரட் கேள்வி பதில்: முதல் டெக்கும் படம் பாத்து கத்துக்கறதும்

கே: முதல்ல எந்த டெக் வாங்கலாம்? பாக்க பாக்க தலை சுத்துது.

ப: ரைடர் வெய்ட் ஸ்மித். 1909ல வந்தது, படம் வரைஞ்சது பமீலா கோல்மன் ஸ்மித். அதுல ரெண்டுல இருந்து பத்து வரைக்கும் உள்ள எண் கார்டுலயும் ஒரு காட்சி இருக்கும். வேற டெக் மேல ஆசை இருந்தா அதுல ஃபைவ் ஆஃப் கப்ஸை மட்டும் தேடிப் பாருங்க, வெறும் அஞ்சு கப்பு தான் இருக்குன்னா இப்போதைக்கு வேணாம்.

கே: 78 கார்டு அர்த்தமும் மனப்பாடம், ஆனா கார்டு விழுந்தா ஒண்ணும் சொல்ல வரல.

ப: லிஸ்ட்டை கொஞ்ச நாள் மூடி வைங்க. அதே ஃபைவ் ஆஃப் கப்ஸை எடுத்து கண்ணுல படறத மட்டும் வாய்விட்டு சொல்லுங்க. கருப்பு அங்கி போட்ட ஆளு, தலை குனிஞ்சிருக்கு, முன்னாடி மூணு கப்பு கவுந்து கெடக்கு, முதுகுக்கு பின்னாடி ரெண்டு நிமிந்து நிக்குது, ஆறு ஓடுது, தள்ளி ஒரு பாலம், அக்கரைல கோட்டை. "இழப்பு"ங்கிற வார்த்தை இன்னும் வரக்கூடாது. இப்ப கேள்விய பக்கத்துல வைங்க. ஒருத்தர் வேலை போயிடுச்சு அடுத்து என்னன்னு கேக்குறார்னா கண்ணு பாலத்துக்கு போகும். ஃப்ரெண்ட் ஏன் பேசமாட்டேங்குறான்னு கேட்டா அந்த திரும்பாத முதுகு தான் பேசும். லிஸ்ட் ரெண்டு பேருக்கும் "இழப்பு, துக்கம்"னு ஒரே பதில தான் குடுக்கும்.

கே: எனக்கு அந்த ஆள் அழற மாதிரி தெரியல, யோசிக்கிற மாதிரி இருக்கு. தப்பா?

ப: முகம் சரியா தெரியாது, அதனால தப்பில்ல. ஆனா கப்பு கவுந்தது கவுந்தது தான், அத நிமித்திடாதீங்க.

கே: அர்த்தம் லிஸ்ட் பிடிஎஃப் கிடைக்குமா ப்ளீஸ்

ப: மேல சொன்னத படிங்க.

கே: முதல் டெக்க கிஃப்ட்டா தான் வாங்கணுமாமே?

ப: கட்டுக்கதை. காசு குடுத்து வாங்குங்க.

கே: நான் எண் கார்டுல காட்சி இல்லாத மார்சேய் டெக்லயே கத்துக்கிட்டவன். படம் போட்டா ஒரே கதைல மாட்டிப்பீங்க. எண் கார்டுக்கு காட்சி போட்டதே 1909ல தான், அதுக்கு முன்னாடி கிடையாது.

ப: முதல் பாதிய ஒத்துக்கறேன், மாட்டிக்கறவங்க இருக்காங்க. ரெண்டாவது பாதி தப்புங்க. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியோட சோலா புஸ்கா டெக்லயே எண் கார்டுல ஆளுங்க உண்டு. மூணு வாள் குத்தின இதயம் அதுலயும் இருக்கு, ஸ்மித்தோட த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸ்லயும் இருக்கு, பக்கத்துல வச்சு பாருங்க.

கே: (அதே மார்சேய்காரர்) சரி, அது ஒரு விதிவிலக்கு. எண்ணும், கப்பு வாள் மாதிரி சூட்டும் தெரியாம வெறும் படம் பாக்கறவன் டெக் மாத்தினா முழிப்பான்.

ப: முழிப்பான் தான். அதுக்கு தான் நாலு சூட்டோட ஃபைவ் கார்டையும் ஒண்ணா பரப்பி பாக்க சொல்றது, நாலுலயும் ஏதோ ஒரு முட்டல் தெரியும். ஆனா அது ரெண்டாவது படி, அத முதல் படியாக்கினா பாதி பேர் டெக்க பெட்டிலயே வச்சிடுவாங்க. நீங்க ஒத்துக்கமாட்டீங்க, தெரியும்.

கே: எனக்கு மூணு நாளா ஃபைவ் ஆஃப் கப்ஸே வருது, வீட்ல யாருக்காவது ஏதாவது ஆகுமா?

ப: ஆகாது. புது டெக்னா கார்டு ஒட்டிக்கிட்டிருக்கும், மேஜைல கொட்டி நல்லா கலைச்சு விடுங்க.

கே: பிடிஎஃப்?

ப: இல்லங்க.