மடிப்பில் விழுந்த எண்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு அவளுடைய தோழி நோட்டுப் பக்கம் ஒன்றைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அதில் இருந்தவை:

x + y + z = 6
2x − y + z = 3
x + 4y + 2z = 15 (அல்லது 16)

கடைசி எண் தாளின் மடிப்பில் விழுந்துவிட்டது. எதை வைத்தாலும் Δ பூச்சியமாகவே வருகிறது. தீர்வு இல்லை என்று எழுதிவிடலாமா?

மாதேஷ், பாலக்கோடு

அன்புள்ள மாதேஷ்,

அவசரப்பட வேண்டாம். Δ என்ற அணிக்கோவையில் இடப்பக்கக் கெழுக்கள் மட்டுமே இடம்பெறுவதால், மடிப்பில் சிக்கிய எண் அதைத் தொடுவதே இல்லை. முதல் நிரை வழியாக விரித்தால்,

Δ = 1(−2 − 4) − 1(4 − 1) + 1(8 + 1) = −6 − 3 + 9 = 0

ஆகவே ஒரே ஒரு தீர்வு கிடைக்காது என்பது உறுதி. தீர்வே இல்லையா, எண்ணற்ற தீர்வுகளா என்பதைத்தான் அந்தக் கடைசி எண் முடிவுசெய்கிறது. முதல் நிரலை எடுத்துவிட்டு அங்கே வலப்பக்க எண்களை வைத்து Δx-ஐக் கணக்கிடுங்கள்.

16 எனில்: Δx = 6(−6) − 1(6 − 16) + 1(12 + 16) = 2
15 எனில்: Δx = 6(−6) − 1(6 − 15) + 1(12 + 15) = 0

Δ பூச்சியமாக இருக்க Δx பூச்சியமாகாவிட்டால் தீர்வு கிடையாது. 16-க்கு விடை அதுதான். 15-க்கு Δy, Δz இரண்டும்கூடப் பூச்சியமாகும். இதன் காரணத்தை அணிக்கோவை இல்லாமலே காணலாம்: முதல் சமன்பாட்டை 3-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கழித்தால் x + 4y + 2z = 15 என்று வருகிறது. அதாவது மூன்றாவது சமன்பாடு புதிதாக எதையும் சொல்லவில்லை. எனவே z = t என்று வைத்தால் x = (9 − 2t)/3, y = (9 − t)/3; t-க்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் ஒரு தீர்வு.

படத்தில் மடிப்பைவிட நான் அஞ்சுவது கழித்தல் குறியைத்தான். கோடு போட்ட நோட்டில் அது கோட்டோடு கலந்து மறைந்துவிடும். இரண்டாம் சமன்பாட்டை 2x + y + z = 3 என்று படித்து, கடைசி எண்ணை 15 என்று கொண்டால் Δ = 2 ஆகி, x = −3, y = 0, z = 9 என்று அழகான விடை கிடைக்கும். தவறாகப் படித்த சமன்பாடுகளில் பிரதியிட்டால் அது சரியாகவே பொருந்தும் என்பதால், பிரதியிட்டுப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. தோழியின் நோட்டையே பார்க்க வேண்டும்.

இன்னொன்று: நான்கு அணிக்கோவைகளும் பூச்சியமானாலே எண்ணற்ற தீர்வுகள் என்று பலர் மனப்பாடமாக எழுதுகிறார்கள். x + y + z = 1, x + y + z = 2, x + y + z = 3 என்ற தொகுப்பில் நான்குமே பூச்சியம்தான்; ஆனால் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 0 = 1 என்று வந்து நிற்கும்.