பில்லில் இருப்பது செலவா, சொத்தா?

"பில்லை ஸ்கேன் செய்து எடுத்த தொகையை வைத்து, அதைச் செலவில் எழுதுவதா சொத்தில் எழுதுவதா?"

மொத்தத்தைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு பொருளாகப் பாருங்கள். ஒரு பில்லில் லேப்டாப் ரூ.52,000, டோனர் 4க்கு ரூ.12,000, 18% ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் ரூ.75,520. ஒரு பொருளைச் சொத்தாக எழுத உங்கள் நிறுவனம் வைத்திருக்கும் விலை வரம்பு ரூ.5,000 என்று வைத்துக்கொள்வோம்.

டோனரின் ரூ.12,000 வரம்பைத் தாண்டுவது போலத் தெரியும். பலர் வழுக்குவது இங்கேதான். ஒன்றின் விலை ரூ.3,000தான், அதுவும் சில மாதத்தில் தீர்ந்துவிடும். அது செலவு. லேப்டாப் வரம்பையும் தாண்டுகிறது, கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி 3 ஆண்டு ஆயுளும் உண்டு. அது சொத்து.

அப்புறம் ஜிஎஸ்டி: உள்ளீட்டு வரி வரவு எடுத்தால் சொத்தின் மதிப்பு ரூ.52,000, எடுக்க முடியாவிட்டால் ரூ.61,360.