வெள்ளை மாஸிங் மாடலை ரெண்டராக்குவது: ஒரு ஆர்க்கிடெக்சர் மாணவிக்குப் பதில்

மூன்றாம் ஆண்டு ஆர்க்கிடெக்சர் படிக்கும் மாணவி ஒருவர், ஒரு நூலகக் கட்டடத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும், அதில் வானமும் செங்கலும் ஒட்டிப் பார்த்த ஒரு படத்தையும் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: "இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். என் போர்ட்ஃபோலியோவில் எல்லாமே வடிவம் மட்டும் தெரியும் வெள்ளை மாஸிங் மாடல்தான். ரெண்டரிங் கோர்ஸ் ஒன்றுக்கு அப்பா பணம் கட்டத் தயாராக இருக்கிறார். சேரட்டுமா?"

சேரலாம், ஆனால் இப்போதே வேண்டாம். நீங்கள் அனுப்பிய நூலகக் கட்டட ஸ்கிரீன்ஷாட்டையே எடுத்துக்கொண்டு, ஸ்கெட்ச்அப்பும் போட்டோஷாப்பும் மட்டும் வைத்து ஒரு படம் செய்து பாருங்கள். ரெண்டர் பொய்யாகத் தெரிந்தால் பெரும்பாலும் கோளாறு ஒளியிலோ, பார்வை உயரத்திலோ, பொருளின் அளவிலோ இருக்கும். விலை கூடிய மென்பொருள் இந்த மூன்றையும் உங்களுக்காகச் சரிசெய்து தராது.

உங்கள் கட்டடம் மூன்று தளம், 12 மீட்டர் அகலம், 10.5 மீட்டர் உயரம், வாசலில் 3 மீட்டர் உயரத்தில், தூணில்லாமல் வெளியே நீளும் ஒரு கான்டிலீவர் ஸ்லாப். கேமரா கூரை மட்டத்தில் நிற்கிறது. அங்கே நின்று யாரும் கட்டடத்தைப் பார்ப்பதில்லை. கேமராவைத் தரையிலிருந்து 1.6 மீட்டருக்கு இறக்கி, டூ பாயின்ட் பெர்ஸ்பெக்டிவ் போடுங்கள். செங்குத்துக் கோடுகள் நேராக நிற்கும். அதை ஒரு சீனாகச் சேமித்துவிட்டு, அதே பார்வையில் மூன்று படம் எடுங்கள்: நிழலோடு வெள்ளை மாடல், கோடுகள் மட்டும், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தட்டையான நிறம் கொடுத்த படம். மூன்றும் ஒரே பிக்சல் அளவில் இருக்கட்டும். நடுவில் கேமரா கொஞ்சம் நகர்ந்தாலும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. நிறப் படம்தான் உங்கள் மாஸ்க்: செங்கல் சுவரைத் தேர்ந்தெடுக்க ஒரே க்ளிக் போதும்.

அடுத்தது பின்னணி. மரமும் தெருவும் உள்ள ஒரு புகைப்படத்தை எடுத்துப் பின்னால் வைப்பார்கள். அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. மாடலின் கிடைமட்ட இணைகோடுகள் சந்திக்கும் உயரம்தான் தொடுவானக் கோடு. புகைப்படத்திலும் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து இரண்டையும் ஒன்றாக்குங்கள். மாடிமேலிருந்து எடுத்த புகைப்படம் தெரு மட்டத்துப் பார்வைக்கு எந்த வழியிலும் பொருந்தாது. சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. கேமரா கண்மட்டத்தில் இருந்து தரையும் சமமாக இருந்தால், நிற்கும் பெரியவர்களின் கண்கள், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், ஏறக்குறைய அதே கோட்டில் விழ வேண்டும். தூரத்து ஆளின் தலை கோட்டுக்கு நன்றாகக் கீழே போனால் அவர் குழந்தை அளவில் இருக்கிறார் என்று பொருள்.

இனி வெயில். இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் சூரியன் இடதுபக்கம், கேமராவுக்குப் பின்னால் இருக்கிறது. சமதரையில் நிழலின் நீளம் கட்டட உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கிறது. இரு மடங்கு என்றால் சுமார் 27 பாகை. உங்கள் நிழல் 45 பாகைக்காரன். ஒட்டிப் பார்த்த படத்தில் நீங்கள் வைத்திருப்பதோ அந்திச் செவ்வானம், அதிலும் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் மறைகிறது. ஒரே படத்தில் இரண்டு சூரியன். ஒன்று வானத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் மாடலில் நேரத்தை மாற்றி நிழலை மறுபடி எடுங்கள்.

ஸ்கெட்ச்அப் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். உண்மையான சூரியன் ஒரு புள்ளி அல்ல, நம் கண்ணுக்கு அரை பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழலைப் போடும் விளிம்பிலிருந்து ஒளி எவ்வளவு தூரம் வருகிறதோ, மீட்டருக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வீதம் நிழலின் ஓரம் மங்கும். உங்கள் ஸ்லாப் நிழல் தரையைத் தொட ஒளி சுமார் 4 மீட்டர் வருகிறது, ஆகவே 4 செ.மீ. மங்கல். கூரை விளிம்பின் நிழலுக்குச் சுமார் 15 மீட்டர், 15 செ.மீ. மங்கல். கட்டடம் படத்தில் 2400 பிக்சல் அகலம் என்றால் மீட்டருக்கு 200 பிக்சல். அதாவது முதலாவது 8 பிக்சல், இரண்டாவது 30. எல்லா நிழலுக்கும் ஒரே ப்ளர் போடுவது பொய்யாகத் தெரிவதற்கு இதுவே காரணம். ஸ்லாப் சுவரைத் தொடும் இடத்தில் கூர்மையாகவும், விலக விலக மென்மையாகவும் இருக்கட்டும்.

நிழலின் நிறமும் முக்கியம். தெளிந்த நாளில் நிழலுக்குள் வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது, அதனால் லேசான நீலம் ஏறும். வெயில் விழும் தரைக்குப் பக்கத்தில் அது கொஞ்சம் சூடான நிறமாகும். ஸ்லாப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், தரை ஒளி மேலே ஏறி அதைத் தொடும். கறுப்பை ஊற்றினால் இது எல்லாம் போய்விடும்.

பொருள் ஏற்றும்போது டெக்ஸ்சரை அடியிலும், வெள்ளைப் படத்தை மேலே மல்டிப்ளை ப்ளெண்ட் மோடிலும் வையுங்கள். மாடலின் ஒளியும் நிழலும் அப்படியே செங்கலின்மேல் இறங்கும். அளவை மட்டும் கண்ணால் முடிவு செய்யாதீர்கள், எண்ணிப் பாருங்கள். 65 மி.மீ. செங்கலும் 10 மி.மீ. சாந்தும் சேர்ந்தால் ஒரு வரிசை 75 மி.மீ.; 3 மீட்டர் உயரத்துக்கு 40 வரிசை. உங்கள் படத்தில் 14 வரிசைதான் இருக்கிறது. அதனால்தான் மூன்று மாடி நூலகம் காவலர் அறைபோலத் தெரிகிறது.

கண்ணாடிக்கு நீல நிறம் அடிப்பதை விட்டுவிடுங்கள். பகலில் வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி பெரும்பாலும் இருண்டுதான் இருக்கும், அதன்மேல் எதிர்ப்பக்கத்தின் பிரதிபலிப்பு. நேராகப் பார்க்கும்போது சாதாரண ஒற்றைக் கண்ணாடி 8 சதவீத ஒளியைத்தான் திருப்பும். பார்வை சாயச் சாய அது கூடிக்கொண்டே போகும். ஆகவே மேல் தளத்தில் வானம், கீழ்த் தளத்தில் எதிரேயுள்ள மரம், பக்கவாட்டுச் சுவரில் பிரதிபலிப்பு இன்னும் பலமாக. அப்புறம், மாஸிங் மாடலில் ஜன்னலும் சுவரும் ஒரே தளத்தில் ஒட்டியிருக்கும். இதைப் போட்டோஷாப்பில் மறைக்கப் பார்க்காதீர்கள். மாடலுக்குத் திரும்பிப் போய்க் கண்ணாடியை 15 செ.மீ. உள்ளே தள்ளி, படங்களை மறுபடி எடுங்கள். அந்த மெல்லிய நிழல்கோடு வந்துவிட்டால் சுவருக்குத் தடிமன் வந்துவிடும்.

இந்த முறை ஒரே ஒரு பார்வைக்குத்தான் உதவும். கேமராவைத் திருப்பினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஐந்தாறு பார்வைகள், உள் அறைகள், வாக்த்ரூ என்று வேலை வரும்போது என்ஸ்கேப், வி-ரே, லூமியன் வகை ரெண்டரிங் கருவி தேவை. கோர்ஸுக்குப் பணம் கட்ட அதுவே சரியான நேரம். விஷுவலைசேஷன் ஸ்டுடியோவில் சேர விரும்பினால் அந்த நேரம் சீக்கிரமே வரும். கட்டட வடிவமைப்பு அலுவலகம்தான் இலக்கு என்றால் அவசரமில்லை.

போர்ட்ஃபோலியோவில் வெள்ளை ஸ்கிரீன்ஷாட்டைத் தூக்கி எறியாமல் ரெண்டரின் பக்கத்திலேயே சிறிதாக வையுங்கள். பின்னணியில் இருப்பது உண்மையான மனையா, எங்கிருந்தோ எடுத்த புகைப்படமா என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். நேர்காணலில் "இந்த வெயில் எத்தனை மணி வெயில்?" என்று கேட்டால், மாடலில் நீங்கள் வைத்த மாதத்தையும் நேரத்தையும் சொல்லத் தயாராக இருங்கள்.