சுருதியும் ஸ்மிருதியும் மோதினால் எது செல்லும்?

"உபநிடதம் சுருதி, கீதை ஸ்மிருதி என்கிறார்கள். என்ன வித்தியாசம்? இரண்டும் வேறு வேறாகச் சொன்னால் எதை எடுத்துக்கொள்வது? ஒரு அட்டவணை போட்டு விளக்க முடியுமா?"

முதலில் அட்டவணை:

| | சுருதி | ஸ்மிருதி |
|---|---|---|
| எவை | நான்கு வேதங்கள் (சம்ஹிதை, பிராமணம், ஆரண்யகம், உபநிடதம்) | மனு, யாக்ஞவல்கியர் முதலானோரின் தர்மசாஸ்திரங்கள், இராமாயணம், மகாபாரதம் (கீதை இதற்குள்), புராணங்கள் |
| ஆக்கியவர் | யாரும் இல்லை என்பது மீமாம்சை என்ற தத்துவப் பள்ளியின் கருத்து; இறைவன் என்பது நியாயப் பள்ளியின் கருத்து | முனிவர்கள் |
| அதிகாரம் | தன்னளவிலேயே உண்டு | வேதத்தைச் சார்ந்தது |

கடைசி வரிசைதான் முக்கியம். ஸ்மிருதி சொல்லும் ஒரு விதி கையில் இருக்கும் வேதத்தில் இல்லை என்றால் என்ன செய்வது? தள்ள வேண்டியதில்லை என்கிறது ஜைமினியின் மீமாம்சை சூத்திரம். வேதம் அறிந்தவர்கள் அதைக் கைக்கொண்டிருப்பதால், நமக்கு எட்டாத ஒரு வேத வாக்கியம் அதற்கு மூலமாக இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அஷ்டகை என்ற முன்னோர் சடங்கு போன்றவற்றை உரையாசிரியர் சபரர் இந்த வகையில்தான் சேர்க்கிறார்.

ஆனால் வேதம் நேராக மறுத்தால் அந்த ஊகத்துக்கே இடமில்லை. இதற்குச் சபரர் காட்டும் உதாரணம் ரொம்பத் தெளிவானது. சோம யாகத்தில் யாகசாலைக்குள் அத்திமரக் கம்பம் ஒன்றை நடுவார்கள். அதைத் தொட்டுக்கொண்டு சாமம் பாட வேண்டும் என்பது சுருதி. கம்பம் முழுவதையும் துணியால் சுற்ற வேண்டும் என்பது ஸ்மிருதி. முழுக்கச் சுற்றிவிட்டால் கம்பத்தை எப்படித் தொடுவது? இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. ஆகவே சுற்றச் சொல்லும் விதி செல்லாது என்று தீர்க்கிறார். அதோடு விடவில்லை. அந்தத் துணி வேண்டும் என்ற ஆசையில் யாரோ புரோகிதர் இப்படி ஒரு விதியைக் கிளப்பியிருக்கலாம் என்றும் சொல்கிறார். ஸ்மிருதியில் இருக்கிறது என்பதற்காக எதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்று மரபுக்குள்ளிருந்தே வந்த குரல் இது. எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அப்புறம் வந்த குமாரில பட்டர் இதை ஒப்பவில்லை. தொடுவதற்குக் கொஞ்சம் இடம் விட்டுச் சுற்றினால் முரண்பாடே இல்லையே என்பது அவர் வாதம். சுற்றும் விதிக்கும் வேத மூலம் உண்டு என்கிறார். ஆக, சுருதிதான் மேல் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. உண்மையில் முரண் இருக்கிறதா என்பதில்தான் சண்டை. கீதையில் ஒரு வரி உபநிடதத்தோடு மோதுவதாகத் தோன்றினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வேதாந்திகள் கீதையை உபநிடதத்தின் கருத்தை விரிப்பதாகவே படிப்பதால், பெரும்பாலும் அந்த மோதலை ஏற்கவே மாட்டார்கள்.

ஒன்று விட்டுப்போனது: ஆகமங்களை இந்த அட்டவணையில் நான் வைக்கவில்லை. சைவ சித்தாந்திகளுக்கு அவை சிவனே அருளியவை, ஸ்மிருதிக் கட்டத்தில் போட்டால் ஏற்க மாட்டார்கள்.