மிக்சர் குழாயின் மூக்கடியில் கசிவு: கேள்வி பதில்

கேள்வி (கொக்குவில்): ஐயா, குசினி சிங்கில் ஒற்றைக் கைபிடி மிக்சர் குழாய். மூக்கு சுழலும் அடிப்பகுதியில் தண்ணீர் கசிகிறது. இரண்டு தரம் ஓ ரிங் மாற்றியாயிற்று. பூட்டிய அன்றே மறுபடியும் கசிந்தது. குழாயையே மாற்றவேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், பிள்ளை. முதலில் ஒன்றைக் கவனியுங்கள். குழாயைத் திறந்திருக்கும்போது மட்டும் கசிகிறதா, பூட்டிய பிறகும் கசிகிறதா? கைபிடிக்குக் கீழே இருக்கும் காட்ரிஜ்தான் தண்ணீரை மறிக்கிறது. அதைத் தாண்டிய தண்ணீர்தான் மூக்கடிக்கு வருகிறது. ஆகவே திறந்தால் கசிந்து பூட்டினால் நின்றுவிடுகிறது என்றால் குற்றம் வளையங்களில்தான். பூட்டியும் ஈரம் ஊறிக்கொண்டே இருந்தால், கைபிடிக்குக் கீழே ஒரு தாளைச் சுற்றிப் பாருங்கள். தாள் நனைந்தால் தண்ணீர் மேலே காட்ரிஜ் பக்கமிருந்து வழிந்து வருகிறது.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய சொல் ‘அன்றே’. நல்ல வளையம் ஒரே நாளில் தேயாது. அன்றே கசிந்தால் அளவு பிழை. சென்ற மாசியில் மானிப்பாயில் ஒரு வீட்டில் இதே கதையைப் பார்த்தேன். வீட்டுக்காரர் பழைய வளையத்தைக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடைக்காரர் அதன் தடிப்பை அளந்து 2 மில்லிமீற்றர் வளையம் கொடுத்திருக்கிறார். பழைய வளையத்தை நான் வாங்கிப் பார்த்தேன். அது உருண்டையாகவே இல்லை. பல வருடம் நெருக்குப்பட்டு வெளிப்புறம் நாடா மாதிரித் தட்டையாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் எழும்பி வரவில்லை. அப்படிச் செத்துப்போன வளையத்தின் தடிப்பை நம்பிப் புதியது வாங்கினால், கசிந்த அளவையே திரும்ப வாங்கிப் பூட்டுகிறோம்.

அளக்கவேண்டியது குழாயை. வேணியர் இடுக்கிமானியை எடுத்தேன். குழாயின் உடலில் வளையம் உட்காரும் தவாளிப்பின் அடிக்கு விட்டம் 24 மில்லிமீற்றர். மூக்கின் உட்துளைக்கு 28.2. வித்தியாசம் 4.2, ஒரு பக்கத்துக்கு 2.1. அந்த 2.1 இடைவெளியில் 2 மில்லிமீற்றர் வளையம் மறுபக்கச் சுவரைத் தொடவே தொடாது. 2.5 போட்டால் 0.4 நெருங்கும், அதாவது தடிப்பில் ஆறில் ஒரு பங்கு. சுழலும் மூக்குக்கு அந்த நெருக்கம் போதும். அதற்கு மேல் கூடினால் மூக்கைத் திருப்பக் கை வலிக்கும், வளையமும் சீக்கிரம் தேயும். உள்விட்டம் தவாளிப்பை விடக் கொஞ்சம் சிறிதாக, 23 அல்லது 23.5 இருந்தால் வளையம் இழுபட்டு இறுக்கமாக உட்காரும்.

அந்த வீட்டில் இரண்டு 2.5 வளையங்கள் பூட்டினேன். ஒன்று தண்ணீர் வெளிவரும் துளைக்கு மேலே, மற்றது கீழே. கீழ் வளையம் மட்டும் கசிந்தாலும் இரண்டையும் மாற்றவேண்டும், இரண்டும் ஒரே வயது.

பழைய வளையத்தைக் கழற்றக் கத்தி பிடிக்காதீர்கள். பித்தளையில் விழும் ஒரு மயிரிழைக் கீறல் போதும், எந்த வளையமும் அதை அடைக்காது. விரலால் ஒரு பக்கம் தள்ளிக் குமிழாக்கி, மரக் குச்சியால் எழுப்புங்கள்.

கேள்வி (உரும்பிராய்): இரவில் மூக்கு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஓ ரிங் மாற்றட்டுமா?

பதில்: நுனியில் சொட்டினால் காட்ரிஜ். வளையத்தைத் தொடவேண்டாம்.

கேள்வி (நல்லூர்): மூக்கு கழன்று வரவில்லை. எங்கே திருகுவது என்றே தெரியவில்லை.

பதில்: மூக்கின் அடிப்பட்டையின் பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். சின்னத் துளை ஒன்று அகப்பட்டால் உள்ளே அலன் திருகாணி இருக்கிறது. அதைத் தளர்த்தினால் மூக்கை ஆட்டி ஆட்டி மேலே இழுக்கலாம். துளை இல்லையென்றால் வழி மேலிருந்து. கைபிடியில் சிவப்பு நீலப் பொத்தானை எடுத்து அதன் கீழுள்ள திருகாணி, கைபிடி, குவி மூடி, பெரிய நட்டு, காட்ரிஜ் என்று வரிசையாகக் கழற்றியபின் மூக்கு மேலே வரும். காட்ரிஜை எடுக்குமுன் அது எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுத்துவையுங்கள்.

இவ்வளவும் செய்தும் அசையாவிட்டால் சுண்ணாம்பு பிடித்திருக்கிறது. எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் ஊறும் நீர். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு நிற்கும் வீடு என்றால் மூக்குக்குள்ளும் அதே படிவுதான். தேசிக்காய்ச் சாற்றில் துணியை நனைத்து அரை மணித்தியாலம் அடியில் சுற்றிவைத்துவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். வினாகிரியும் ஆகும். கழன்றபின் உட்துளையையும் அதே துணியால் துடையுங்கள். கரடுமுரடான படிவின்மேல் புதிய வளையம் சுழன்றால், அரத்தாள்மேல் றப்பரைத் தேய்ப்பது போல. கழிவறை கழுவும் அமிலம் மட்டும் வேண்டாம், குறோமியப் பூச்சைத் தின்றுவிடும்.

தொடங்குமுன் சிங்கின் வாயைத் துணியால் அடையுங்கள். அலன் திருகாணி ஒரு நெல் அளவுதான், விழுந்தால் போனதுதான்.

கேள்வி (சாவகச்சேரி, மோட்டர் வாகனத் திருத்துநர்): அண்ணா, முன்பு ஒரு பதிலில் சாதாரண கிறீஸ் பூசக்கூடாது, சிலிக்கன் கிறீஸ்தான் என்று எழுதியிருந்தீர்கள். நான் இருபது வருடமாக எஞ்சின் ஓ ரிங்குகளுக்குச் சாதாரண கிறீஸ்தான் பூசுகிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: ஆகாது, தம்பி. எஞ்சினில் நீங்கள் பூட்டுவது பெரும்பாலும் நைட்ரைல் றப்பர். எண்ணெய்க்குள் கிடக்கவென்றே செய்தது. தண்ணீர்க் குழாய்களுக்கோ ஈ.பி.டி.எம். என்ற றப்பரும் நிறைய வருகிறது. சுடுநீரும் குளோரினும் அதற்குப் பிரச்சினையில்லை, பெற்றோலிய எண்ணெய் பட்டால்தான் ஊதிக் கொழகொழத்துவிடும். இரண்டும் கறுப்பு. கண்ணால் பார்த்து இது எது என்று நானும் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லமாட்டீர்கள். சிலிக்கன் கிறீஸ் இரண்டுக்கும் தீங்கு செய்யாது.

அவரே மறுபடி: என் வீட்டுக் குழாயில் எஞ்சின் கிறீஸ் பூசி மூன்று வருடம் ஆகிறது. ஒரு சொட்டுக் கசிவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அந்த வளையத்தை எங்கே எடுத்தீர்கள்? உங்கள் கடைப் பெட்டியில் இருந்தென்றால் அது நைட்ரைல், மூன்று வருடம் என்ன, இன்னும் இருக்கும். அதை வைத்து மற்றவர்களுக்குச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் வாதம். இன்னொன்று, அந்தக் குழாயில் பிள்ளைகள் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறார்கள். வாகனக் கிறீஸ் குடிநீருக்கென்று செய்ததல்ல.

இடையில் பருத்தித்துறை ஆசிரியை ஒருவர்: றப்பர் எல்லாமே எண்ணெயில் ஊதும். பாடசாலையில் மாணவருக்குக் காட்டியிருக்கிறேன்.

பதில்: நீங்கள் காட்டியது இயற்கை றப்பராக இருக்கும், ரீச்சர். அதற்கு நீங்கள் சொல்வது சரி. எல்லா றப்பருக்கும் பொருந்தாது, பொருந்தினால் தம்பியின் எஞ்சின் ஒன்றும் ஓடாது. வாதத்தை விடுவோம். தம்பி, உங்கள் பெட்டியில் இருந்து ஒரு வளையமும் குழாய் வளையம் ஒன்றும் எடுத்து, இரண்டையும் உங்கள் கிறீஸில் ஒரு கிழமை புதைத்துவையுங்கள். வைக்குமுன் தடிப்பை அளந்து எழுதிவையுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): தேங்காய் எண்ணெய் பூசலாமா?

பதில்: சில நாளில் தண்ணீர் கழுவிவிடும், மிஞ்சியது கெட்டு வாடை எடுக்கும். சிலிக்கன் கிறீஸ்.

கேள்வி (கோண்டாவில்): வளையம் மாற்றினேன், நன்றாக இருந்தது. ஆறு மாதத்தில் திரும்பவும் கசிகிறது. அளவு சரிதான், நீங்கள் சொன்ன மாதிரியே அளந்தேன்.

பதில்: அளவு சரியென்றால் தேய்வு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கழற்றிய வளையத்தை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மறுபக்கம் புதிதாக இருந்தால் மூக்கு சாய்ந்து நிற்கிறது. றப்பர் வளையங்களுக்கு மேலும் கீழும் வெள்ளை நைலோன் வளையம் ஒவ்வொன்று இருக்கும், ஓரிடத்தில் வெட்டுப்பட்டு வாய் திறந்தபடி. மூக்கின் பாரத்தைத் தாங்குவது அதுதான். பலர் அதை உடைந்த துண்டு என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள். அது போனால் மூக்கின் முழுப் பாரமும் றப்பரில். நீண்ட மூக்கில் வாளி கொழுவும் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். மூக்கின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் நைலோன் வளையம் இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது.

கேள்வி (இணுவில்): மூக்கடியைச் சுற்றி எபொக்சி பூசினேன். கசிவு நின்றது. இப்போது மூக்கு திரும்பவில்லை.

பதில்: திரும்பாது. புதிய குழாய் வாங்குங்கள்.

கேள்வி (வேலணை): எங்கள் கிணறு உவர்நீர். மூக்கைக் கழற்றினால் உட்துளையில் புள்ளி புள்ளியாகக் குழிகள். வளையம் மாற்றினால் நிற்குமா?

பதில்: சில நாள் நிற்கும். உப்பு பூச்சை அரித்துப் பித்தளைக்குள் இறங்கிவிட்டது. குழி வளையம் உராயும் இடத்தில் இல்லை என்றால் பிழைத்தீர்கள், விரல் நகத்தை உட்சுவரில் ஓட்டிப் பாருங்கள். அந்த இடத்தில் நகம் தடக்கினால் மூக்கை மாற்றவேண்டும். தனி மூக்கு கிடைப்பது அரிது. அடுத்த முறை துருப்பிடிக்காத உருக்கில் செய்த குழாயைத் தேடுங்கள். அதுவும் உவர்நீருக்கு முழு விடுதலை இல்லை, ஆனால் உரிந்துபோகும் பூச்சு அதில் இல்லை.

கேள்வி (கொக்குவில், வேறொருவர்): ஒரு கைபிடி மிக்சர், மூக்கடியில் கசிவு. பழைய வளையத்தைக் கடையில் காட்டி அதே அளவில் வாங்கலாம்தானே?

பதில்: முதல் பதிலை வாசியுங்கள். குழாயை அளக்கவேண்டும், வளையத்தை அல்ல.

கேள்வி (சாவகச்சேரி, அதே திருத்துநர்): ஒரு கிழமை ஆயிற்று. என் பெட்டி வளையம் அப்படியே இருக்கிறது. குழாய் வளையம் 2.5 இருந்தது 2.9 ஆகிவிட்டது, விரலால் பிசைந்தால் நழுவுகிறது. ஆனால் என் வீட்டுக் குழாயை நான் கழற்றமாட்டேன்.

பதில்: கழற்றவேண்டாம், அது கசியவில்லை. அந்தக் கிறீஸ் குடிநீரில் இருப்பதைப் பற்றி மட்டும் நாம் ஒத்துப்போகவில்லை.

கேள்வி (மல்லாகம்): சிங்குக்குக் கீழே மூடும் வால்வு இல்லை. தண்ணீரை எங்கே நிறுத்துவது?

பதில்: மோட்டரை நிறுத்திப் பயனில்லை, தண்ணீர் கூரைத் தாங்கியிலிருந்து வருகிறது. தாங்கிக்குக் கீழே வெளிக்குழாயில் ஒரு கேற் வால்வு இருக்கும், அதை மூடுங்கள். பல வருடம் திருகாத வால்வு என்றால் பலவந்தம் செய்யாதீர்கள், தண்டு முறிந்தால் தாங்கி முழுதும் முற்றத்தில். அப்படி இறுகிக் கிடந்தால் காலையில் மோட்டர் போடாமல், தாங்கியில் இருக்கும் தண்ணீரைக் குளிக்கவும் தோய்க்கவும் செலவழித்துத் தீர்த்துவிட்டுத் தொடங்குங்கள். கழற்றுமுன் மிக்சர் கைபிடியை நடுவில் வைத்துத் திறந்து, குழாயில் நிற்கும் மிச்சத்தையும் வடியவிடுங்கள். சிங்கின் வாயைத் துணியால் அடைக்க மறக்கவேண்டாம்.