நாற்பத்திரண்டாம் பகுதி: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

பழைய வால்வ் ரேடியோக்களைப் பழுது பார்ப்பதை மூன்று வருடமாக யூட்யூபில் தொடராகப் போட்டு வருகிறேன். அப்பாவின் கடையில் கற்ற வேலை. முதல் பகுதிக்கு 1,10,000 பார்வை. போன வாரம் போட்ட 42-ஆம் பகுதிக்கு 1,860. யூட்யூப் என்னை அமுக்குகிறது என்கிறார்கள் நண்பர்கள். நிறுத்திவிடவா, ஷார்ட்ஸுக்கு மாறவா? கணக்கு எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது அத்தையின் பழைய வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். மூன்று வருடமாகப் பார்வை சேர்த்த வீடியோவையும் ஒரு வாரம் முன்பு போட்டதையும் பக்கத்தில் வைத்து அழுகிறீர்கள். காய்க்கிற தென்னையையும் நேற்று நட்ட கன்றையும் அளந்து பார்த்து நிலம் கெட்டுவிட்டது என்று யாராவது சொல்வார்களா? ஒரே வயதில்தான் ஒப்பிட வேண்டும். வெளியான நாளிலிருந்து ஏழு நாள் என்று தேதி கொடுத்து ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணை எடுங்கள். நீங்கள் அனுப்பியதிலிருந்து நானே எடுத்தேன். முதல் பகுதிக்கு முதல் வாரத்தில் வெறும் 900. இருபதாம் பகுதிக்கு 3,300. 36-இலிருந்து 42 வரை எல்லாமே 2,000-ஐ ஒட்டி. ஆக, தொடர் முதல் பகுதியிலிருந்து இறங்கவில்லை. நடுவில் ஏறி, அப்புறம் இறங்கியிருக்கிறது. ஏழு பகுதி தொடர்ந்து கீழேயே நிற்பதால் இது நிஜமான இறக்கம்தான். ஒரு பகுதி மட்டும் விழுந்திருந்தால் ஐபிஎல்லோ தீபாவளியோ என்று விட்டுவிடலாம்.

எங்கே கசிகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. ரேடியோவில் சத்தம் வரவில்லை என்றதும் எல்லா வால்வையும் பிடுங்கிப் போடுகிறவரா நீங்கள்? பவர் சப்ளையிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கிறீர்கள் அல்லவா, இங்கேயும் அப்படித்தான். இருபதாம் பகுதியின் தம்ப்நெயில் முதல் வாரத்தில் 45,000 தடவை காட்டப்பட்டது. 42-ஆம் பகுதியுடையது 44,000 தடவை. யூட்யூப் உங்களை அமுக்கவில்லை, அந்தப் பேச்சை விடுங்கள். உள்ளே வந்தவர்கள் 14 நிமிட வீடியோவில் சராசரியாக 7 நிமிடம் இருக்கிறார்கள், அன்றும் இன்றும். விழுந்தது க்ளிக் விகிதம் ஒன்றுதான்: 6.2 சதவீதத்திலிருந்து 3.1. (தம்ப்நெயில் புதிய ஆட்கள் பலருக்குப் பரவும்போதும் இந்த விகிதம் இறங்கும், அது நல்ல இறக்கம். உங்களுக்குக் காட்டிய அளவு கூடவில்லை. அதனால் அந்தச் சமாதானம் இங்கே செல்லாது.)

பண்டம் நன்றாக இருக்கிறது, வாசல்தான் அடைத்திருக்கிறது. இருபது பகுதி வரை தலைப்பில் பழுதைச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு ‘ரேடியோ பழுது – பகுதி 37’, ‘பகுதி 38’. புதிதாக ஒருவர் இதைப் பார்த்தால் முன்னால் உள்ள 36-ஐயும் பார்த்தாக வேண்டும் போலிருக்கிறதே என்று தாண்டிப் போய்விடுவார். உங்கள் ஒவ்வொரு பகுதியும் தனியாகவே புரிகிறது, பிறகு எதற்கு அந்த எண்? 39-ஆம் பகுதிக்கு ‘வால்வ் ரேடியோவில் விடாமல் ஹம் சத்தமா? ஃபில்டர் கண்டன்சரைப் பாருங்கள்’ என்று வையுங்கள். வீட்டில் ரேடியோ இரைகிறவர் தேடுவது அதைத்தான். எண்ணைப் ப்ளேலிஸ்ட் பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மூன்று பழைய பகுதிகளில் மாற்றி மூன்று வாரம் பாருங்கள், புதியவற்றை இதே முறையில் போடுங்கள். அடுத்த ஆறு பகுதிக்குப் பிறகும் ஏழு நாள் கணக்கு ஏறாமல், பார்க்கும் நேரமும் திரும்பி வருகிறவர்கள் எண்ணிக்கையும் சேர்ந்து இறங்கினால் நிறுத்துங்கள். ஷார்ட்ஸ் வேண்டாம். 2025 மார்ச்சிலிருந்து அங்கே ஓட ஆரம்பித்தாலே ஒரு பார்வை. அந்த எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள்.

நிறுத்துவதானால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. அத்தையின் மாடித் தோட்டத்தை நான்தான் படம் பிடித்தேன். 58 வாரம். பார்வை குறைந்தது, நானும் சலித்துப்போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகவில்லை, அடுத்த ஞாயிறும் போகவில்லை. கடைசி வீடியோவில் அத்தை ‘அடுத்த வாரம் இந்தப் புடலைக்குப் பந்தல் போடுவோம், வந்துடுங்க’ என்று கையாட்டுகிறார். இரண்டு வருடம் கழித்து அதன் கீழே ஒரு பெண் எழுதியிருந்தார்: ‘அம்மா நல்லா இருக்காங்களா? பயமா இருக்கு.’ அதே கேள்வி பதினோரு பேரிடமிருந்து. அத்தை அப்போது நன்றாகத்தான் இருந்தார். ஞாயிறு காலை புடவை மாற்றித் தயாராக உட்கார்ந்திருந்ததைப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

கடைசிப் பகுதி என்று தலைப்பிலேயே போடுங்கள். அப்பாவின் கடையிலிருந்து வந்த ரேடியோ ஒன்று இன்னும் திறக்காமல் இருப்பதாக 12-ஆம் பகுதியில் சொன்னீர்கள். அதை அன்று திறங்கள். பழைய பகுதிகளை அழிக்காதீர்கள். முதல் பகுதியின் கமெண்டில் கடைசிப் பகுதியின் இணைப்பை மேலே பின் செய்து வையுங்கள்.